குத்பா அரபியிலா, தமிழிலா? ஒரு பள்ளிவாசல் முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

ஜும்ஆ குத்பாவின் மொழி பற்றி மஹல்லா கூட்டத்தில் பேச்சு எழுந்தால் இரண்டு வாதங்கள்தான் திரும்பத் திரும்ப மோதும். "விளங்காததைக் கேட்டு என்னங்க பிரயோஜனம்?" என்பார் ஒருவர். "காலங்காலமா அரபியிலதானே ஓதுறாங்க, நம்ம முன்னோர்களுக்குத் தெரியாததா?" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதால் கூட்டம் முடிவில்லாமலே கலையும். அடுத்த வருடம் நிர்வாகம் மாறியதும் அதே பேச்சு மறுபடி தொடங்கும்.

அரபியா தமிழா என்று மொத்தமாகக் கேட்பதால்தான் இந்தச் சிக்கல். ஃபிக்ஹு நூல்கள் அப்படிக் கேட்பதில்லை. குத்பாவில் எந்தப் பகுதி அரபியில் இருந்தே ஆக வேண்டும், அதை அரபியில் சொல்லாவிட்டால் ஜும்ஆவே கூடாமல் போகுமா அல்லது கூடிவிடும் ஆனால் வெறுக்கத்தக்கதாகுமா என்று அவை பிரித்துக் கேட்கின்றன. இந்தக் கேள்விகளுக்கு ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபீ மத்ஹபும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. அதனால் காயல்பட்டினத்துப் பள்ளிக்குச் சரியாக அமையும் தீர்வு திண்டுக்கல் பள்ளிக்கும் அப்படியே அமையும் என்று சொல்ல முடியாது.

நடைமுறையில் நம் முன் இருப்பவை மூன்று வழிகள். முதலாவது, எல்லாமே அரபி. கதீப் மிம்பரில் ஏறி கிதாபைப் பார்த்து ஓதி இறங்கிவிடுவார், ஊர் மொழிக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, இரண்டாம் பாங்குக்கு முன் தமிழில் பயான், பிறகு மிம்பரில் சுருக்கமான அரபி குத்பா. தமிழகத்தின் பெரும்பாலான ஹனஃபீ பள்ளிகளில் இதுதான் வழக்கம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அதே பயான் உருதுவில் நடக்கும். மூன்றாவது, மிம்பரில் நின்றபடியே கட்டாயப் பகுதிகளை அரபியிலும் உபதேசத்தைத் தமிழிலும் சொல்வது. இலங்கையில் இதைப் பரவலாகக் காணலாம். சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் கூடும் சில பள்ளிகளிலும், தமிழகத்தில் தவ்ஹீத் பள்ளிகளிலும் இதே முறைதான்.

அரபியே கலக்காத குத்பா என்று நான்காவது ஒன்றைச் சேர்க்கலாம், ஆனால் அது ஏட்டளவில்தான் உண்டு. முழுக்கத் தமிழில் குத்பா கொடுக்கிறோம் என்பவர்களும் "இன்னல் ஹம்த லில்லாஹி" என்றுதான் தொடங்குகிறார்கள், ஆயத்தை அரபியில் ஓதிவிட்டுத்தான் பொருள் சொல்கிறார்கள். அந்த எல்லைவரை அரசே முன்னின்று போன நாடு துருக்கி. அங்கே 1932இல் பாங்கையும் துருக்கி மொழிக்கு மாற்றினார்கள். 1950இல் பாங்கு அரபிக்குத் திரும்பியது. குத்பாவின் உபதேசம் துருக்கி மொழியிலேயே நின்றுவிட்டது, ஹம்தும் ஸலவாத்தும் ஆயத்தும் அரபியில் ஓதப்படுகின்றன. அவ்வளவு தூரம் போன நாடும் வந்து நின்றது மூன்றாவது வழியில்தான்.

குத்பா திக்ரா, உபதேசமா?

இமாம்களின் கருத்து வேறுபாட்டுக்கு வேர் இந்தக் கேள்வி. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் அல்லாஹ்வின் திக்ரின்பால் விரையுங்கள் என்கிறது சூரத்துல் ஜும்ஆவின் ஒன்பதாம் வசனம். அங்கே திக்ர் என்பது குத்பாவையும் குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்கிறார்கள். குத்பா ஒரு திக்ர், அதாவது வணக்கம் என்றால் தக்பீரையும் அத்தஹிய்யாத்தையும் மொழிபெயர்த்து ஓதாதது போலவே இதையும் ஓதக் கூடாது. மறுபக்கம், நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள், அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொன்னார்கள். எந்தத் தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பினோம் என்ற சூரா இப்ராஹீமின் நான்காம் வசனத்தைத் தமிழ் குத்பாவை ஆதரிப்பவர்கள் எடுத்துக் காட்டுவது இதனால்தான்.

இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676) இந்த இரண்டு பக்கத்தையும் பதிவுசெய்கிறார். அரபியில் இருப்பது நிபந்தனை என்பதே சரியான கருத்து, பெரும்பான்மையோர் அதையே உறுதியாகச் சொன்னார்கள் என்கிறார். குத்பா தஷஹ்ஹுதைப் போல ஒரு கட்டாய திக்ர் என்பதும், நபியவர்கள் அரபியில்தான் குத்பா ஓதினார்கள் என்பதும் அதற்குக் காரணங்கள். அதே மத்ஹபுக்குள் அரபி விரும்பத்தக்கது மட்டுமே என்ற இன்னொரு கருத்தும் உண்டு என்று அடுத்து குறிப்பிடுகிறார். குத்பாவின் நோக்கம் உபதேசம், அது எந்த மொழியிலும் நிறைவேறிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். "விளங்காததைக் கேட்டு என்ன பிரயோஜனம்" என்று நம் கூட்டத்தில் எழும் வாதம் எழுநூறு வருடங்களுக்கு முன்பே ஷாஃபிஈ நூலில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ் கேட்பவரை "புதுசா கிளம்பினவங்க" என்று ஒதுக்கிவிடுவது பொருந்தாது.

அந்தக் கேள்விக்குப் பதிலும் அப்போதே சொல்லியிருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அரபி தெரியாதபோது அரபி குத்பாவால் என்ன பயன் என்ற கேள்விக்கு ஷாஃபிஈ மத்ஹபின் காழீ ஹுஸைன், தங்களுக்கு உபதேசம் செய்யப்படுகிறது என்று பொதுவாக அறிந்துகொள்வதே அதன் பயன் என்றார். இந்தப் பதில் குறைந்தபட்ச அளவை நியாயப்படுத்தப் போதுமானது. அதையே காரணம் காட்டி வாரம்தோறும் மக்களை ஒன்றும் விளங்காமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எடுத்துக்கொள்வது அவர் சொன்னதைத் தாண்டிப் போவதாகும் என்பது என் கருத்து.

ஷாஃபிஈ பள்ளிக்கு

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மத்ஹபே பெரும்பான்மை. அங்கே முதலில் தெளிவாக வேண்டியது குத்பாவின் ஐந்து ருக்னுகள், அதாவது கட்டாயப் பகுதிகள். அல்லாஹ்வுக்கு ஹம்து, நபி மீது ஸலவாத்து, தக்வாவைக் கொண்டு உபதேசம் ஆகிய மூன்றும் இரண்டு குத்பாவிலும் வர வேண்டும். பொருள் விளங்கும் ஓர் ஆயத்தாவது இரண்டில் ஒன்றில் ஓதப்பட வேண்டும். இரண்டாம் குத்பாவில் முஃமின்களுக்காக துஆ கேட்க வேண்டும். ஹம்துக்கும் ஸலவாத்துக்கும் அந்தந்தச் சொல்லே வர வேண்டும். தக்வா உபதேசத்துக்குக் குறிப்பிட்ட சொல் கட்டாயமில்லை, "அல்லாஹ்வுக்கு வழிப்படுங்கள்" என்ற பொருளுள்ள வாசகமும் போதும். இந்த ருக்னுகளை ஜும்ஆவுக்குக் கணக்கில் வரும் நாற்பது பேர் கேட்கவும் வேண்டும்.

அரபி நிபந்தனை என்று பிற்கால ஷாஃபிஈ நூல்கள் சொல்வது இந்த ஐந்தைப் பற்றித்தான். நிதானமாக ஓதினாலும் இரண்டு குத்பாவுக்கும் சேர்த்து இவற்றுக்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகாது. மற்ற உபதேசத்தைத் தமிழில் சொன்னால் என்னவாகும் என்பதில்தான் நுணுக்கமான ஒரு விவாதம் இருக்கிறது. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பள்ளியும் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது.

ருக்னுகளுக்கு இடையிலும், இரண்டு குத்பாக்களுக்கு இடையிலும், குத்பாவுக்கும் தொழுகைக்கும் இடையிலும் நீண்ட இடைவெளி விழக் கூடாது என்பது ஷாஃபிஈ நிபந்தனைகளில் ஒன்று. இதற்கு முவாலாத் என்று பெயர். மிகச் சுருக்கமாகத் தொழும் இரண்டு ரக்அத்து நேரம் அளவுக்கு நீண்டாலே அது நீண்ட இடைவெளி. அரபி அல்லாத பேச்சு குத்பாவாகக் கணக்கில் வராது, ஆகவே இருபது நிமிடத் தமிழ் உபதேசம் இருபது நிமிட மௌனத்துக்குச் சமம், முவாலாத் முறிந்துவிடும் என்பது கடுமையான பக்கம். ஷாஃபிஈ இமாம் ரம்லீயின் நூலுக்குக் குறிப்புரை எழுதிய ஷப்ராமல்லிஸீ (இறப்பு ஹிஜ்ரி 1087) போன்றவர்களின் உரைகளில் இதற்கு மறுப்பும் வருகிறது. மௌனமாக இருப்பவர் குத்பாவை விட்டு அடியோடு விலகிவிட்டார், வேறு மொழியில் பேசுபவரோ ஏதோ ஒரு விதத்தில் உபதேசம்தான் செய்கிறார், ஆகவே அது குத்பாவை விட்டு வெளியே போவதாகாது, முவாலாத்துக்குப் பங்கம் இல்லை என்பதே கியாஸுக்குப் பொருத்தம் என்கிறார்கள். மிம்பரில் நின்று ஊர் மொழியில் உபதேசிக்கும் ஷாஃபிஈ பள்ளிகளுக்கு மத்ஹபுக்குள்ளேயே இருக்கும் பிடிமானம் இந்த வாசகம்தான்.

பேணுதலாக நடக்க நினைக்கும் கதீப் கருத்து வேறுபாட்டிலிருந்தே ஒதுங்கிக்கொள்ளலாம். முதல் குத்பாவைத் தொடங்கும்போது அரபியில் ஹம்து, ஸலவாத்து, தக்வா. அடுத்து தமிழ் உபதேசம். உட்காருவதற்கு முன் ஹம்து, ஸலவாத்து, தக்வா, ஓர் ஆயத்து ஆகிய நான்கையும் அரபியில் மறுபடி சேர்த்து ஓதிவிட்டு உட்கார வேண்டும். எழுந்து இரண்டாம் குத்பாவை முழுக்க அரபியில், துஆவோடு, சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அப்போது கணக்கில் வரும் ருக்னுகள் அனைத்தும் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிடுகின்றன. முன்னால் பேசிய தமிழை எப்படிக் கணக்கிட்டாலும் கேடில்லை. கூடுதலாகச் செலவாவது ஒரு நிமிடம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் இரண்டாம் குத்பாவில்தான். தமிழில் பேசிப் பழகிய கதீப் நடுவில் உட்கார்ந்து எழுந்ததும், விட்ட இடத்திலிருந்து உபதேசத்தைத் தொடர்ந்துவிடுவார். ஹம்து வராது, ஸலவாத்து வராது, கடைசியில் தமிழில் ஒரு துஆ. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எந்தக் குறையும் தென்படாது. உரை நன்றாக இருந்ததென்று சொல்லிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். ஆனால் ஷாஃபிஈ கணக்கில் இரண்டாம் குத்பாவுக்கு ருக்னு நிறைவேறவில்லை, ஆகவே ஜும்ஆவும் நிறைவேறவில்லை. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு வார குத்பாவை ஒலிப்பதிவு செய்து, ஐந்து ருக்னுகளையும் கையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் எவை வந்தன என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

அரபியில் இவ்வளவுகூட ஓதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றால்? அப்போது தங்கள் மொழியிலேயே குத்பா கொடுக்கலாம், ஆனால் ஒருவராவது கற்றுக்கொள்வது அவர்கள் மீது கடமை. கற்றுக்கொள்ளக் கூடிய அளவு காலம் கடந்தும் யாரும் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள், ஜும்ஆ இல்லை, லுஹர்தான் தொழ வேண்டும் என்கிறது மத்ஹபு. மக்தப் உள்ள ஊரில் இந்த நிலை வராது.

ஹனஃபீ பள்ளிக்கு

இங்கே கதை தலைகீழ். குத்பா கூடுவதற்கு அரபி நிபந்தனையே இல்லை, அரபி தெரிந்தவர் பாரசீகத்தில் ஓதினாலும் கூடிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (இறப்பு ஹிஜ்ரி 150) அவர்களின் கருத்து. அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் இயலாதவருக்கு மட்டுமே அந்தச் சலுகை என்றார்கள். குர்ஆனைத் தொழுகையில் பாரசீகத்தில் ஓதுவது பற்றிய தம் கருத்திலிருந்து அபூஹனீஃபா திரும்பிவிட்டார் என்று அறிவிப்பு உண்டு. குத்பா விஷயத்தில், அரபி தெரிந்திருந்தாலும் நிபந்தனை இல்லை என்பதையே அவருடைய கருத்தாக 19ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் பதிவுசெய்கிறார்.

இந்த இடத்தை மட்டும் படித்துவிட்டு, "ஹனஃபீ மத்ஹபுதான் தமிழ் குத்பாவுக்கு ரொம்ப வசதி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். கூடும் என்பது ஒன்று, மக்ரூஹ் இல்லை என்பது வேறொன்று. ஸஹாபாக்கள் பாரசீகம் முதலான நாடுகளுக்குப் போனார்கள், அரபி தெரியாத மக்களுக்கு நடுவே வாழ்ந்தார்கள், அப்படியும் அந்த மக்களின் மொழியில் ஜும்ஆ குத்பா ஓதியதாகச் செய்தி இல்லை என்பது இந்தியத் துணைக்கண்டத்து ஹனஃபீ ஆலிம்களின் மைய வாதம். கேட்பவர்களில் அரபி தெரியாதவர் பலர் இருந்தும் கிழக்கிலும் மேற்கிலும் அரபி குத்பாவே தொடர்ந்து வந்திருக்கிறது என்று ஷா வலியுல்லாஹ் (இறப்பு 1762) எழுதினார். லக்னோவின் அப்துல் ஹய் (இறப்பு 1886) திக்ருகளை வேறு மொழியில் ஓதுவது பற்றித் தனி நூலே எழுதினார். குத்பா கூடிவிடும், ஆனால் வழிவழியாக வந்த சுன்னத்துக்கு மாற்றம் என்பதால் மக்ரூஹ் தஹ்ரீமி என்பதே தேவ்பந்த் வழி வந்தவர்களின் நிலை. தமிழகத்து ஹனஃபீ மதரஸாக்களில் ஓதி வரும் ஹஜ்ரத்துகளில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட பள்ளியில் இமாமின் மனதுக்கு மாறாக நிர்வாகம் தீர்மானம் போட்டு மிம்பரில் தமிழைக் கொண்டுவருவது நல்ல முடிவாக இருக்காது. வாரம்தோறும் மக்ரூஹ் என்று தான் நம்புவதைச் செய்ய அவரைக் கட்டாயப்படுத்துவதாகிவிடும். அங்கே இரண்டாவது வழியே பொருத்தம். அதில் இருக்கும் குறைகளைச் சரிசெய்வதுதான் வேலை.

ஜும்ஆவுக்கு முன் வட்டமாகக் கூடி உட்காருவதைத் தடுக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது, பயான் அதற்கு மாற்றம் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். வட்டமாக உட்கார்ந்தால் ஸஃப்பு கலையும், வருபவர்களுக்கு இடைஞ்சல் என்பதால் வந்த தடை அது, கிப்லாவை நோக்கி ஸஃப்பிலேயே உட்கார்ந்து கேட்பது அதில் சேராது என்று ஆலிம்கள் பதில் சொல்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் குத்பாவுக்கு வரும் முன் மக்களுக்கு உபதேசிக்க தமீமுத் தாரீ (ரலி) அவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்றும், அபூஹுரைரா (ரலி) அவர்கள் இமாம் வரும்வரை மிம்பருக்கு அருகில் நின்று ஹதீஸ் சொல்வார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. பயானுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுபவை இவைதான். ஆகவே பயான் கூடுமா என்பது பெரிய சிக்கல் இல்லை. அதை யார் கேட்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மணிக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கு அருகே கடைத்தெருவும் ஒரு தொழிற்சாலையும் இருக்கின்றன, மதிய இடைவேளை 1 மணி முதல் 2 மணி வரை என்று வைத்துக்கொள்வோம். 12.30க்கு முதல் பாங்கு. 12.35 முதல் 1 மணி வரை தமிழ் பயான். அடுத்து சுன்னத் தொழுகைக்கு எட்டு நிமிடம். 1.08க்கு இரண்டாம் பாங்கு, ஏழு எட்டு நிமிடத்தில் அரபி குத்பா, 1.18க்கு ஜமாஅத். வேலையை விட்டு ஓடி வந்து ஒளூ செய்து 1.05க்கு உள்ளே நுழைபவருக்கு ஒரு தமிழ் வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை. அவருக்கு அந்தப் பள்ளி முதலாவது வழியில் நடக்கும் பள்ளிதான். பயானில் உட்கார்ந்திருப்பவர்கள் ஓய்வுபெற்ற பெரியவர்களும் மதரஸா பிள்ளைகளும். வட்டி, வாடகை, வியாபார நாணயம் பற்றி ஹஜ்ரத் எவ்வளவு சிரமப்பட்டுத் தயாரித்து வந்தாலும், அதைக் கேட்க வேண்டிய ஆட்கள் அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குத்பாவின்போது பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவரை "சும்மா இரு" என்று சொல்வதுகூட வீண் பேச்சு என்று ஹதீஸ் இருக்கிறது. பயானுக்கு அந்தச் சட்டம் இல்லை. அதனால் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் பாங்கு கேட்டதும் உள்ளே வருவது பழகிப்போகிறது. விளங்கும் மொழியில் பேசும்போது கேட்கக் கடமையில்லை, கேட்கக் கடமையான நேரத்தில் பேச்சு விளங்குவதில்லை. இரண்டாவது வழியின் பலவீனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதே ஊரில் மூன்றாவது வழி என்றால் 12.30க்கு முதல் பாங்கு, 1.08க்கு இரண்டாம் பாங்கு, 1.10 முதல் 1.28 வரை இரண்டு குத்பாவும், 1.35க்குள் ஸலாம். 1.05க்கு வந்தவர் முழு உரையையும் மௌனமாகக் கேட்டுவிட்டு இடைவேளை முடிவதற்குள் சாப்பிட்டும் போகலாம். ஷாஃபிஈ பள்ளியில் இதைச் செய்யாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஹனஃபீ பள்ளி இரண்டாவது வழியில் இருந்தபடியே நேரத்தை நகர்த்தலாம். பயானை 12.55க்குத் தொடங்கி 1.12க்கு முடிக்கலாம், சுன்னத்துக்கு ஏழு நிமிடம், 1.20க்கு இரண்டாம் பாங்கு, குத்பாவை ஐந்து நிமிடமாகச் சுருக்கினால் 1.33க்குள் தொழுகை முடிந்துவிடும். குத்பாவைச் சுருக்குவதில் மத்ஹபில் தாராளமான இடம் இருக்கிறது. குத்பா என்ற எண்ணத்தோடு ஒரு தஸ்பீஹ் சொன்னாலே கடமை நீங்கிவிடும் என்பது அபூஹனீஃபாவின் கருத்து, அத்தஹிய்யாத் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது அவருடைய இரு மாணவர்களின் கருத்து. அந்த அளவுக்குக் குறைக்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்துக்குத் தயங்கவும் வேண்டியதில்லை. தொழுகை முடிந்தபின் பயான் வைக்கும் யோசனையும் வரும். முதல் வாரம் நல்ல கூட்டம் இருக்கும், பிறகு ஸலாம் கொடுத்ததும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

மூன்றாவது வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது நீளம். தொழுகை நீளமாகவும் குத்பா சுருக்கமாகவும் இருப்பது ஒரு மனிதரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்று அம்மார் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அரபி கிதாபைப் பார்த்து ஓதும்போது நீளம் தானாகவே கட்டுப்பட்டிருந்தது. தமிழ் மிம்பரில் ஏறியதும் நாற்பது நிமிடம் சர்வசாதாரணமாகப் போகும். கட்டட வசூல் கணக்கும், எதிர் ஜமாஅத்துக்குப் பதிலடியும் குத்பாவுக்குள் நுழையும். பதில் பேச முடியாத மௌனத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இவற்றையெல்லாம் சொல்வது நியாயமில்லை. தமிழுக்கு மாறும் பள்ளி, மொழித் தீர்மானம் போடும் அதே கூட்டத்தில் நேர வரம்பையும் எழுதிவிடுவது நல்லது. பதினெட்டு நிமிடம் போதுமானது.

மக்காவில் வந்த தீர்மானம்

மாலிகீ மத்ஹபு இந்த விஷயத்தில் மிகக் கடுமையானது. கேட்பவர்கள் அரபி தெரியாதவர்களாக இருந்தாலும் குத்பா அரபியில்தான், அரபியில் ஓத ஆளில்லை என்றால் அவர்கள் மீது ஜும்ஆவே கடமையில்லை என்கிறது. ஹன்பலீ மத்ஹபும் இயன்றவருக்கு அரபி கட்டாயம் என்கிறது. இயலாதவர் வேறு மொழியில் ஓதலாம், ஆனால் ஆயத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் அதற்குப் பதிலாக திக்ர் ஓத வேண்டும். நம் ஊர்களில் இந்த இரண்டு மத்ஹபும் இல்லாததால் இத்துடன் விட்டுவிடலாம்.

உலக முஸ்லிம் லீக் எனப்படும் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை ஹிஜ்ரி 1402இல், அதாவது 1982இல், மக்காவில் கூடியபோது எடுத்த முடிவு நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. அந்தச் சபைக்குக் கேள்வி போனதே இந்திய முஸ்லிம்களிடையே எழுந்த சச்சரவிலிருந்துதான். குத்பா இரண்டு ரக்அத்துக்குப் பகரமானது, அதனால் உள்ளூர் மொழியில் கூடாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், சரியா என்று கேட்கப்பட்டது. ஒலிபெருக்கி பயன்படுத்தலாமா என்பதும் அதே கேள்வியில் சேர்ந்தே இருந்தது. அரபி பேசாத நாடுகளில் குத்பா கூடுவதற்கு அரபி நிபந்தனையில்லை என்பதே நடுநிலையான கருத்து, ஆனால் தொடக்கப் பகுதியையும் ஆயத்துகளையும் அரபியில் ஓதுவது சிறந்தது, பிறகு மக்களுக்கு விளங்கும் மொழியில் உபதேசிக்கலாம் என்று சபை முடிவு சொன்னது. ஒலிபெருக்கியையும் அனுமதித்தது.

ஒலிபெருக்கி பற்றி இன்று எந்த மஹல்லாவிலும் சச்சரவு இல்லை. மொழி பற்றிய பாதியை மட்டும், பிடித்தவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், பிடிக்காதவர்கள் அது எங்கள் மத்ஹபுத் தீர்ப்பு இல்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அந்தத் தீர்மானம் எந்த மத்ஹபின் இமாமையும் கட்டுப்படுத்தாது. அதைக் காட்டி ஹனஃபீ ஹஜ்ரத்தை மடக்க நினைப்பதைவிட, தமிழில் குத்பா கொடுக்கும் பள்ளியில் தொழுதால் ஜும்ஆ கூடாது என்று பிரசாரம் செய்பவரிடம் அதைக் காட்டுவது பொருத்தம். ஹனஃபீகளுக்கோ அதற்குக்கூட அந்தத் தீர்மானம் தேவைப்படாது, அபூஹனீஃபாவின் கருத்தே போதும்.

இரண்டு மத்ஹபும் கலந்த பள்ளி

சென்னை போன்ற நகரங்களில் ஒரே ஸஃப்பில் இரண்டு மத்ஹபினரும் நிற்பார்கள், இமாம் பெரும்பாலும் ஹனஃபீயாக இருப்பார். அங்கே மொழியைத் தொடுவதற்கு முன் ருக்னுகளைக் கவனிக்க வேண்டும். ஹனஃபீ இமாம் தன் மத்ஹபுப்படி ஓதும் சுருக்கமான குத்பாவில், இரண்டாவதில் தக்வா உபதேசம் விடுபட்டாலும் அவருக்குக் குறையில்லை. பின்னால் இருக்கும் ஷாஃபிஈகளுக்கு அது பிரச்சினை. ஐந்து ருக்னுகளும் தவறாமல் இடம்பெறும் ஓர் அரபி குத்பாவை எழுதி அவரிடம் கொடுத்துவிட்டால், பயான் முறையிலும் சரி, மிம்பரில் தமிழ் வரும் முறையிலும் சரி, இரு சாராருக்கும் தொழுகை நிறைவேறிவிடும். தன் மத்ஹபுக்கு மாறில்லாத ஒன்றைக் கூடுதலாக ஓத எந்த ஹஜ்ரத்தும் மறுக்க மாட்டார்.

திருப்பூர் போன்ற ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஸஃப்பின் கணிசமான பகுதியாகிவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழும் அரபியும் ஒன்றுதான், இரண்டும் விளங்காது. மிம்பரில் மூன்று மொழி பேசினால் யாருக்கும் முழுதாகக் கிடைக்காது, நேரமும் இழுத்துவிடும். உபதேசத்தின் சாரத்தைப் பத்து வரியில் உருதுவிலோ இந்தியிலோ அச்சடித்து வாசலில் வைக்கலாம், அல்லது அவர்களில் ஓர் ஆலிம் இருந்தால் அஸருக்குப் பிறகு தனியாகப் பேசச் சொல்லலாம். காகிதத்தை குத்பா தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். குத்பா நடக்கும்போது விநியோகித்தால், வாங்குபவரும் கொடுப்பவரும் சேர்ந்து மௌனத்தைக் கெடுப்பார்கள்.